பத்தாயிரம் ரூபாய் ஜாமீன்: யார் கட்டுவது, எப்போது?

சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும் உத்தரவுகளில் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் ஒன்று உண்டு. அலுவல் தமிழில் அதைப் பெயர்த்தால் இப்படி இருக்கும்: ‘மனுதாரர் ரூ.10,000/-க்கான பிணைமுறியினையும் அதே தொகைக்கான இருநபர் பிணையத்தினையும் சம்பந்தப்பட்ட நீதித்துறை நடுவர் திருப்தியுறும் வகையில் நிறைவேற்றிக் கொடுக்கும் பட்சத்தில் பிணையில் விடுவிக்க உத்தரவிடப்படுகிறது.’ அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்பதால் உத்தரவு ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் அதன்படி காரியம் நடக்க வேண்டிய இடம் கீழே உள்ள மாஜிஸ்திரேட் கோர்ட். அங்கே நடைமுறை மொழி தமிழ். இரண்டுக்கும் நடுவில் சிறையில் இருப்பவரின் அம்மாவோ அண்ணனோ வக்கீல் குமாஸ்தா வாயால் கேட்பது ஐந்தாறு சொற்கள்தான்: ‘பத்தாயிரம் ரூபா ஜாமீன், ரெண்டு ஷூரிட்டி.’ கேட்டவர்கள் உடனே பணம் புரட்டக் கிளம்புகிறார்கள். பத்தாயிரம் கட்ட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள்; மூன்று பேர் என்பதால் முப்பதாயிரம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த வாக்கியத்தின்படி அன்றைக்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் உண்மை.

இந்தத் தவறான புரிதலுக்குக் கடினமான ஆங்கிலச் சொற்களைக் குற்றம் சொல்வது வழக்கம். அதற்கு மருந்தாக ஒவ்வொரு சொல்லுக்கும் நல்ல தமிழ்ச் சொல் தேடும் வேலை பல்லாண்டுகளாக நடக்கிறது. அகராதிகள் வந்துவிட்டன, அரசின் சட்டச் சொல் தொகுப்புகளும் வந்துவிட்டன. மேலே கொடுத்த வாக்கியத்தில் ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் அது யாருக்கும் எதையும் சொல்லவில்லை. என் வாதம் இதுதான்: பெயில், அபிடவிட், ஷூரிட்டி ஆகிய மூன்றும் பெயர்ச்சொற்களாகத் தோற்றம் தந்தாலும் உண்மையில் யார் என்ன செய்ய வேண்டும் என்கிற சிறு ஏற்பாடுகள். பெயருக்குப் பெயர் மாற்றினால் அந்த ஏற்பாடு பெயருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பொதுமக்களுக்கான ஒரு பக்க அறிவிப்பில் செய்ய வேண்டிய வேலையை முதலில் சொல்லி, அதற்குக் கோர்ட்டில் புழங்கும் பெயரைப் பின்னால் ஒட்ட வேண்டும்.

முதலில் ஜாமீனை எடுத்துக்கொள்வோம். அரபியில் தாமின் என்றால் பொறுப்பேற்கும் ஆள். பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்த இந்தச் சொல் ஆளைக் குறித்த நிலையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. ‘ஜாமீன் கிடைத்தது’ என்றால் விடுதலை. ‘ஜாமீன் நின்றார்’ என்றால் பொறுப்பு. ‘ஜாமீன் கையெழுத்து’ என்றால் தாள். ‘ஜாமீன் கட்டினார்கள்’ என்றால் பணம். ஒரே சொல் நான்கு பொருளில் புழங்குகிறது. பேச்சில் வினைச்சொல் கூட வருவதால் குழப்பம் தெரிவதில்லை. அந்த வினையைக் கழற்றிவிட்டு ‘ரூ.10,000 ஜாமீன்’ என்று எழுதும்போது படிப்பவர் மனத்தில் தானாக வந்து ஒட்டிக்கொள்வது ‘கட்டு’ என்கிற வினை. தொகை கண்ணில் பட்டால் கட்ட வேண்டும் என்றுதானே தோன்றும்? பிணை என்று தூய தமிழில் மாற்றினாலும் நிலைமை அதேதான். பிணையில் விடுவித்தார்கள், பிணை நின்றார், பிணைத் தொகை என்று அதுவும் அதே நான்கு திசைகளில் போகிறது. போதாக்குறைக்கு வங்கியில் பிணையம் என்றால் அடமானச் சொத்து. செய்தித்தாளில் பிணைக்கைதி என்றால் கடத்தப்பட்டவர். ஜாமீனா பிணையா என்கிற சண்டையில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் சிறை வாசலில் நிற்கும் குடும்பத்தின் பத்தாயிரம் ரூபாய்க் கவலை தீராது.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. மூலச் சட்டத்திலேயே இருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பெயில் என்றால் என்ன என்று வரையறுக்கவே இல்லை. ஆள் ஜாமீன் இல்லாமல் சொந்தப் பொறுப்பில் விடுவிப்பதும் பெயில்தானா என்ற கேள்வி 1978இல் மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் அவர். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்திருந்தும் கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி ஏற்க மறுத்தது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, ஆள் ஜாமீனோடு விடுவிப்பதும் இல்லாமல் விடுவிப்பதும் இரண்டுமே பெயில்தான் என்றது. கொத்தனாரை 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடுவிக்கச் சொன்னது. ஒரு தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்றும் அந்தத் தீர்ப்பு கேட்டது. 1 ஜூலை 2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, தன் இரண்டாம் பிரிவில் ஒரு வழியாக மூன்றையும் பிரித்துச் சொல்லியிருக்கிறது. பெயில் என்பது நிபந்தனைகளோடு காவலிலிருந்து விடுவிப்பது. பாண்டு என்பது ஆள் ஜாமீன் இல்லாமல் அவரே தரும் உறுதி. பெயில் பாண்டு என்பது ஆள் ஜாமீனோடு தரும் உறுதி. சட்டமே இப்படிப் பிரித்துவிட்ட பிறகும் நம் அறிவிப்புகள் எல்லாவற்றையும் ‘பிணை’ என்கிற ஒரே கூடையில் போடுவதற்கு நியாயம் இல்லை.

இலங்கைத் தமிழ் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒரு படி முன்னே இருக்கிறது. அங்கே 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் பிணைச் சட்டம். மக்கள் வாயிலும் பிணைதான். அந்நாட்டுச் செய்திகளில் ‘காசுப் பிணை’ என்றும் ‘சரீரப் பிணை’ என்றும் தனித்தனியே வரும். முன்னது இப்போதே கட்டும் பணம். பின்னது ஆட்கள் பொறுப்பேற்பது. ‘தலா ஐந்து இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணைகள்’ என்று படிக்கிற யாழ்ப்பாணத்துக்காரர் பத்து லட்சம் புரட்டக் கிளம்ப மாட்டார். அந்தச் சொல்லை அப்படியே தமிழ்நாட்டுக்கு இறக்குமதி செய்ய முடியாது. இங்கே சரீரப் பிணை என்றால் யாரையோ உடம்போடு பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்துவிடுவார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பிரிப்பை மட்டுமே: இப்போது கைவிட்டுப் போகும் பணம் வேறு, பின்னால் தவறு நடந்தால் மட்டும் போகும் பணம் வேறு.

இனி அந்த வாக்கியத்தின் மற்ற கண்ணிகளைப் பார்ப்போம். ‘பிணைமுறி நிறைவேற்றிக் கொடுத்தல்’ என்பது ஆங்கில வினையை அப்படியே தூக்கி வைத்தது. தமிழில் ஆசையை நிறைவேற்றுவார்கள், தீர்மானத்தை நிறைவேற்றுவார்கள். பத்திரத்தை யாரும் நிறைவேற்றுவதில்லை. பத்திரத்தை எழுதிக் கொடுப்பார்கள். கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் என்ற வழக்கு ஊர் அறிந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் எழுதிக் கொடுத்தால் அது தன்னைக் கட்டுப்படுத்தும் என்று தெரியும். சட்ட மொழி இவ்வளவு அருகில் கிடந்த வழக்கை விட்டுவிட்டு ஏன் வெளியே போனது என்பது எனக்கு விளங்கவில்லை. அடுத்து ‘அதே தொகைக்கான இருநபர் பிணையம்’. இருவரும் சேர்ந்து பத்தாயிரமா, ஆளுக்குப் பத்தாயிரமா? ஆங்கில மூலத்தில் ஒவ்வொருவரும் என்ற சொல் இருக்கிறது. தமிழில் ‘தலா’ என்ற இரண்டெழுத்துச் சொல் விழுந்துவிட்டதால் ஜாமீன்தாரரின் பொறுப்பு பாதியாகத் தோன்றுகிறது. கடைசியாக, ‘நடுவர் திருப்தியுறும் வகையில்’. இதைக் கேட்கும் பாமரருக்கு மாஜிஸ்திரேட்டை எப்படித் திருப்திப்படுத்துவது என்ற தப்பான யோசனைதான் வரும். அதன் பொருள், ஜாமீன் நிற்பவர் இன்னார்தானா, பொறுப்பேற்கத் தகுதியானவர்தானா என்று மாஜிஸ்திரேட் சரிபார்த்து ஏற்றுக்கொள்வார் என்பதே. உயர் நீதிமன்ற உத்தரவுகளிலேயே ஜாமீன்தாரர் தன் புகைப்படத்தை ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ஆதார் அட்டை அல்லது வங்கிப் புத்தக நகலை மாஜிஸ்திரேட் வாங்கிக்கொள்ளலாம் என்று வரும். திருப்தி என்பது நடைமுறையில் இவ்வளவுதான். இதையே சொல்லிவிடலாமே.

ஷூரிட்டி என்ற ஆளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் அறிவிப்பு அதிகம் கைவிடுவது அவரைத்தான். ஜாமீன்தாரர் என்ற சொல் நம் மக்களுக்கு வங்கிக் கடனில் பழக்கம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியவர் கட்டாமல் போக, கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பழக்கம் பாதி உதவி செய்கிறது: மற்றவர் தவறினால்தான் தன் தலையில் விடியும் என்பதை அது சரியாகச் சொல்லித் தருகிறது. மறுபாதி கெடுக்கிறது. கடனில் தவறுவது என்றால் பணம் கட்டாதது; ஜாமீனில் தவறுவது என்றால் கோர்ட்டுக்கு வராதது. வழக்கில் தண்டனை விழுந்தால் அபராதத்தைத் தானும் கட்ட வேண்டியிருக்குமோ, குற்றத்தில் தனக்கும் பங்கு வந்துவிடுமோ என்று உறவினர்கள் பின்வாங்குவது இதனால்தான். இரண்டும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரைக் குறித்த நாளில் கோர்ட்டுக்கு வரச் செய்வது மட்டுமே அவர் ஏற்கும் பொறுப்பு. அவர் வராமல் போனால் முதலில் நோட்டீஸ் வரும். தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று காரணம் சொல்ல வாய்ப்பு வரும். காரணம் ஏற்கப்படாவிட்டால் எழுதிக் கொடுத்த தொகையைக் கட்ட வேண்டும். அதையும் கட்டாமல், சொத்திலிருந்தும் வசூலிக்க முடியாமல் போனால் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. மாஜிஸ்திரேட் தொகையைக் குறைக்கவும் செய்யலாம். சன்ஹிதாவின் 491ஆம் பிரிவு இதைத்தான் விவரிக்கிறது. அதற்கு இரண்டு பிரிவு முன்னால், 489இல், ஜாமீன்தாரர் எவரும் பெரும்பாலும் கேள்விப்படாத உரிமை ஒன்று இருக்கிறது: எப்போது வேண்டுமானாலும் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு ஜாமீனிலிருந்து விலகிக்கொள்ளலாம். அப்படிக் கேட்டால் குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து வர வாரன்ட் போகும். அவர் வந்ததும் பழைய ஜாமீன்தாரர் விடுபடுவார். குற்றம் சாட்டப்பட்டவர் வேறு ஆளைக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் மீண்டும் சிறை. தம்பி தறிகெட்டுத் திரிகிறான், அடுத்த வாய்தாவுக்கு வரமாட்டான் என்று தெரிந்துகொண்ட அண்ணனுக்கு இதைவிட முக்கியமான செய்தி அந்தத் தாளில் வேறொன்று இருக்க முடியாது.

அபிடவிட்டுக்கு வருவோம். ஜாமீன்தாரர் தகுதியானவரா என்று பார்ப்பதற்கு மாஜிஸ்திரேட் அபிடவிட் வாங்கிக்கொள்ளலாம் என்று 485ஆம் பிரிவு சொல்வதால் மூன்று சொற்களும் ஒரே மேசையில் சந்திக்கின்றன. அதற்கு அடுத்த பிரிவின்படி, இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் அவர் விவரத்தோடு சொல்லியாக வேண்டும். தமிழில் அபிடவிட்டுக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. பிரமாணப் பத்திரம், பிரமாண வாக்குமூலம், உறுதிமொழிப் பத்திரம், ஆணையுறுதி ஆவணம் என்று இங்கே. சத்தியக் கடதாசி, சத்தியக்கூற்று என்று இலங்கையில். இவற்றில் உறுதிமொழி என்பது நடைமுறையில் தொல்லை தருவது. உறுதிமொழி என்றால் இனிமேல் செய்வேன் என்பது. அபிடவிட் சொல்வதோ இருப்பதும் நடந்ததும். ‘இந்த வீடு என் பெயரில் இருக்கிறது’ என்பது அபிடவிட். ‘ஊரை விட்டுப் போக மாட்டேன்’ என்பது உறுதிமொழி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், எதில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று கையெழுத்திடுபவருக்குத் தெரியாது. வாக்கை மீறுவது வேறு; சத்தியம் செய்து பொய் எழுதிக் கொடுப்பது ஏழு ஆண்டுகள் வரை சிறை செல்லக்கூடிய குற்றம். வாக்குமூலம் என்ற சொல் போலீஸ் ஸ்டேஷனை நினைவூட்டி ஆளை மிரட்டும். பத்திரம் என்ற சொல் வேறொரு வகையில் வழி தவற வைக்கிறது: பத்திரம் என்றால் முத்திரைத்தாள் என்பது நம் வழக்கு, ஆகவே முதலில் ஸ்டாம்ப் வெண்டரிடம் ஓடுவார்கள். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கான அபிடவிட்டுக்கு முத்திரைத் தீர்வையிலிருந்து விலக்களிக்கிறது. நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டச் சொன்னால் அது வேறு கணக்கு. இலங்கையின் சத்தியக் கடதாசிதான் இவற்றில் ஆகத் தெளிவானது என்பது என் எண்ணம். சத்தியமும் தெரிகிறது, வெறும் தாள் என்பதும் தெரிகிறது. ஆனால் தமிழ்நாட்டு கோர்ட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊழியருக்கே விளங்காது.

இந்தப் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் அறிவிப்புக்கு இல்லை என்பது இங்கேதான் தெரிகிறது. ஜாமீன் கிடைத்தவரின் குடும்பத்துக்கும் ஜாமீன் நிற்க வருபவருக்கும் கையில் கொடுக்கும் ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். மேலே கண்ட அதே உத்தரவை வைத்து எழுதினால் அது இப்படி இருக்கலாம்:

‘உங்கள் வீட்டு ஆளுக்குக் கோர்ட் ஜாமீன் கொடுத்திருக்கிறது. வழக்கு முடியவில்லை, வழக்கு நடக்கும்போது அவர் வெளியே இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். அவர் வெளியே வர மூன்று பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாவது அவரே: கோர்ட் சொல்லும் ஒவ்வொரு நாளும் வருவேன், வராவிட்டால் அரசுக்கு ரூ.10,000 கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பார். இதற்கு பாண்டு என்று பெயர். அடுத்து, அவருக்காகப் பொறுப்பேற்கும் இரண்டு பேர்: அவரை வரச் செய்வேன், அவர் வராவிட்டால் நான் ரூ.10,000 கட்டுவேன் என்று தலா ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இவர்களை ஷூரிட்டி அல்லது ஜாமீன்தாரர் என்பார்கள். இன்று யாரும் பணம் கட்ட வேண்டாம். இன்றே பணம் கட்டச் சொல்லி உத்தரவில் இருந்தால் மட்டும் கட்டுங்கள். கட்டினால் ரசீது வாங்குங்கள்.

‘ஜாமீன் நிற்பவர் கவனத்துக்கு: குற்றத்தில் உங்களுக்குப் பங்கு வராது. தண்டனையோ அபராதமோ உங்கள் மேல் விழாது. ஆனால் அவர் கோர்ட்டுக்கு வராமல் போனால் உங்களுக்கு நோட்டீஸ் வரும். தக்க காரணம் சொல்ல முடியாவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுத்த ரூ.10,000 கட்ட வேண்டும்; கட்டாவிட்டால் சொத்தை ஜப்தி செய்யலாம், ஆறு மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். தொடர முடியாது என்று தோன்றினால் கோர்ட்டில் மனுக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். உங்கள் பெயர், முகவரி, சொத்து அல்லது வருமானம், இதற்கு முன் யார் யாருக்கு ஜாமீன் நின்றீர்கள் என்பதை எழுதி, இது உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். இதற்கு அபிடவிட் அல்லது பிரமாணப் பத்திரம் என்று பெயர். கையெழுத்துக்கு முன் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் பொய் இருந்தால் தனி வழக்கு வரும். ஆள் கிடைக்கவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக உதவி கேளுங்கள். தொலைபேசி எண் 15100.’

இதில் பாண்டு, ஷூரிட்டி, அபிடவிட் என்ற ஆங்கிலச் சொற்களை விட்டுவைத்தது ஏன் என்று தமிழ் ஆர்வலர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நீதிமன்ற மொழி தமிழாக வேண்டும் என்பதற்காகப் பலர் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். ஆட்சிமொழிச் சட்டத்தில் கீழ் நீதிமன்றங்களுக்கென்று பிரிவுகள் சேர்ந்ததும் அந்த உழைப்பால்தான். ஆனால் தீர்ப்பின் மொழிக்கும் அறிவிப்பின் மொழிக்கும் வேலை வேறு. தீர்ப்பில் பிணையாளர் என்று எழுதட்டும். அந்தச் சொல் அங்கே நாளடைவில் நிலைபெறும். அறிவிப்பை எடுத்துக்கொண்டு போகிறவரிடம் கோர்ட்டில் ‘ஷூரிட்டி வந்தாச்சா, அபிடவிட் எங்கே?’ என்றுதான் கேட்பார்கள். அந்தச் சொல் அவர் கையில் இருக்கும் தாளில் இல்லாவிட்டால், பதில் சொல்ல ஒரு இடைத்தரகரைத் தேடுவார். ‘பேருக்கு இருந்தால் போதும், ரெண்டு ஷூரிட்டி நானே ஏற்பாடு பண்ணித் தர்றேன்’ என்று காசு வாங்கும் ஆட்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். இலங்கையில் இதே அறிவிப்பை எழுதுவதானால் பிணை, பிணையாளி, சத்தியக் கடதாசி என்று எழுத வேண்டும், அங்கே கேட்கப்படும் சொற்கள் அவையே என்பதால். அளவுகோல் சொல்லின் பிறப்பு அல்ல. எந்த வாயிலிருந்து வந்து எந்தக் காதில் விழப் போகிறது என்பது.

வழக்கறிஞர்கள் வேறு பக்கமிருந்து மறுப்பார்கள்: சட்டச் சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் உண்டு, எளிமையாக்கினால் அது கலங்கிவிடும், நாளைக்கு ஜாமீன்தாரர் ‘நோட்டீஸில் இப்படித்தானே போட்டிருந்தது’ என்று வாதாடுவார். இந்தப் பயத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ‘இந்தத் தாள் விளக்கத்துக்காக மட்டும், உத்தரவில் உள்ளதே செல்லும்’ என்ற ஒரு வரியை அடியில் போட்டால் அது தீரும். ஆனால் திட்டவட்டம் எளிமைக்கு எதிரி என்பதை நான் ஏற்க மாட்டேன். அதற்குச் சான்று சட்டத்தின் அட்டவணையில் உள்ள ஜாமீன் படிவமே. அந்தப் படிவம் ‘நான்’ என்று தொடங்குகிறது. இன்ன குற்றத்துக்காகக் கைதான நான் இன்ன நாளில் வருவேன், தவறினால் இவ்வளவு ரூபாயை அரசுக்கு இழப்பேன் என்று முதல் ஆளின் பேச்சாகவே போகிறது. ஜாமீன்தாரரின் பகுதியும் அப்படியே. சட்டம் எழுதியவர்களுக்கு இது ஒருவர் தன் வாயால் கொடுக்கும் வாக்கு என்று தெரிந்திருந்தது. ‘நிறைவேற்றிக் கொடுக்கும் பட்சத்தில்’ என்று படர்க்கையில் சுருட்டியது பின்னால் வந்த அலுவல் நடை. மேலே நான் எழுதிய அறிவிப்பு சட்டத்தை நீர்த்துப் போகச் செய்யவில்லை; படிவத்தின் பேச்சுக்குத் திரும்பிப் போகிறது. திட்டவட்டம் எது என்று பார்த்தாலும் ‘அதே தொகைக்கான இருநபர் பிணையம்’ என்பதைவிட ‘தலா ரூ.10,000’ என்பதே திட்டவட்டமானது.

மூன்றாவது மறுப்பு நீதிமன்ற நடைமுறையை நன்கு அறிந்தவர்களிடமிருந்து வரும், அதுதான் யோசிக்க வைப்பது. நோட்டீஸ், ஜப்தி, சிவில் சிறை என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னால் யார் ஜாமீன் நிற்க வருவார்கள்? இப்போதே ஆள் கிடைப்பதில்லை. ஆள் கிடைக்காமை உண்மைதான். ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே வர முடியாதவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 31 ஜனவரி 2023 அன்று பிறப்பித்த வழிகாட்டுதல்களில், ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானே பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் குறிப்பிட்டது. 2024இல் கிரிஷ் காந்தி வழக்கில், பல மாநில வழக்குகளில் சிக்கிய ஒருவருக்கு வழக்குக்கு வழக்கு புதுப்புது ஆள் தேட முடியாது என்பதை ஏற்று, அதே ஜாமீன்தாரர்களைப் பல வழக்குகளுக்கு ஏற்கச் சொன்னது. ஆள் கிடைக்காமை சொந்தபந்தமும் சொத்தும் குறைந்தவர்களின் பிரச்சினை. அறிவிப்பில் உண்மையை மறைத்து அதைத் தீர்க்க முடியாது. மறைப்பதால் வருகிறவர்களும், என்ன நடக்கும் என்று தெரியாத பயத்தோடு வருகிறார்கள். எல்லையில்லாத பயத்தைவிட ‘அதிகபட்சம் பத்தாயிரம், விலகிக்கொள்ளவும் வழி உண்டு’ என்ற எல்லையுள்ள பொறுப்பைத் தாங்குவது எளிது. அப்படியும் ஒருவர் பின்வாங்கினால், பின்வாங்க வேண்டியவர்தான் பின்வாங்கியிருக்கிறார்.

எளிய தமிழால் ஆகாத காரியங்களையும் சொல்லிவிட வேண்டும். சொத்து வரி ரசீதோ சொத்து மதிப்புச் சான்றிதழோ கேட்கும் மாஜிஸ்திரேட்டின் வழக்கத்தை ஒரு தாள் மாற்றாது. ஜாமீனில் விடக்கூடிய சிறு குற்றங்களில், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை வசதியற்றவர் என்றே கொண்டு சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்று 478ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் செய்ய வேண்டியவர் அதிகாரி, வாசகர் அல்ல. நிபந்தனைகள் வழக்குக்கு வழக்கு மாறுவதால் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, ரத்த உறவில் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் போன்றவற்றுக்குத் தாளில் வெற்றிடம் விட்டுக் கையால்தான் நிரப்ப வேண்டும். கண்டிஷன் கையெழுத்து என்று மக்கள் சொல்வதை நிபந்தனைக் கையெழுத்து என்றே எழுதலாம், அது புரியும்.

இப்படி எழுதிய தாள் பலிக்கிறதா என்று அறிய ‘புரிந்ததா?’ என்று கேட்டுப் பயனில்லை. கோர்ட் வளாகத்தில் யாரைக் கேட்டாலும் புரிந்தது என்றுதான் தலையாட்டுவார்கள். படித்தவரிடமோ படிக்கக் கேட்டவரிடமோ மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: இன்று எவ்வளவு கட்ட வேண்டும்? எப்போது கட்ட நேரிடும்? வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? மூன்றில் ஒன்றுக்குத் தப்பாகப் பதில் வந்தால் அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும். சொல்லை மாற்றுவதைவிட வாக்கியத்தை உடைப்பதுதான் பெரும்பாலும் வேலை செய்யும். எழுதுகிறவர்கள் இதை ஓரிரு முறை செய்து பார்த்தாலே தெரிந்துகொள்வார்கள்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இத்தகைய ஒரு தாளை அச்சிட்டு, சிறையில் உறவினர் மனுப் போட்டுக் காத்திருக்கும் இடத்திலும் மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவிலும் ஒட்டலாம். ஜாமீன் படிவத்தோடு சேர்த்தும் கொடுக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தமோ புதிய சொல் தொகுப்போ வேண்டியதில்லை.